மாடித்தோட்டச் சேனலின் உறுப்பினர் படிநிலைகளை மாற்றி அமைப்பது எப்படி? தனிப்பட்ட ஆலோசனைச் சலுகை என் நேரத்தை விழுங்குகிறது

கீரைமாடி

அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து மாடித்தோட்டம் குறித்து யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறேன். படப்பிடிப்பு, படத்தொகுப்பு, பின்னூட்டங்களுக்குப் பதில் எல்லாம் நான் ஒருவனே செய்கிறேன். உறுப்பினர் திட்டத்தில் இப்போது மூன்று படிநிலைகள் இருக்கின்றன. 59 ரூபாய் நிலையில் சுமார் 180 பேர். அவர்களுக்குப் பேட்ஜும் இமோஜிகளும் மட்டும். 159 ரூபாய் நிலையில் சுமார் 60 பேர். அவர்களுக்கு மாதந்தோறும் ஒரு விதைப் பொட்டலத்தை அஞ்சலில் அனுப்புகிறேன். 399 ரூபாய் நிலையில் 22 பேர். அவர்கள் செடியின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் என்ன நோய், என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியாகப் பதில் சொல்கிறேன். மேல்நிலையில் இருப்பவர்களுக்குக் கீழ்நிலைச் சலுகைகளும் சேர்ந்தே கிடைப்பதால் விதையை 82 பேருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

தனி ஆலோசனைதான் இந்தத் திட்டத்தில் உண்மையான மதிப்புள்ள சலுகை என்று உறுப்பினர்கள் சொல்கிறார்கள். ஆனால் அதனாலேயே பொது வீடியோக்கள் தள்ளிப்போகின்றன. பார்ப்பவர்களின் மனம் கோணாமல், எனக்கும் தாங்கக்கூடிய வகையில் இதை எப்படி மாற்றலாம்?

வேகநடை

நண்பரே, மூன்று படிநிலை போதாது என்பதுதான் சிக்கல். 799 ரூபாயில் ஒன்றைச் சேர்த்துத் தனி ஆலோசனையை அங்கே கொண்டுபோய் வையுங்கள். விலை கூடினால் கூட்டம் தானாகக் குறையும். யூடியூப் 30 சதவீதம் எடுத்துக்கொண்டாலும் 399 ரூபாயில் உங்கள் கைக்கு 279 ரூபாய் வருகிறதே. 22 பேருக்கு ஆறாயிரத்துக்கு மேல் ஆகிறது. அதை எதற்காக விட வேண்டும்? ஆலோசனையை மாதம் ஐந்து பேருக்கு மட்டும் என்று வைத்து, யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால் உங்கள் வேலையும் குறையும், பார்ப்பவர்களுக்கும் ஆர்வம் கூடும்.

படித்துறை

நான் சில தமிழ்ச் சேனல்களுக்கு உறுப்பினர் திட்டங்களைப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் வேகநடை சொன்ன இரண்டு செய்திகளைத் திருத்த வேண்டும். குலுக்கல், போட்டி போன்ற அதிர்ஷ்ட அடிப்படையிலான எதையும் உறுப்பினர் சலுகையாக வைக்க யூடியூபின் விதிகள் அனுமதிப்பதில்லை. ஒரு நிலைக்கு அறிவித்த சலுகை அந்த நிலையில் இருக்கும் எல்லோருக்கும் கிடைத்தாக வேண்டும். அடுத்தது, 70 சதவீதம் என்பது வரியும் கட்டணங்களும் போன பிறகு மிஞ்சும் தொகையில் கணக்கிடப்படுவது. 399 ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. அதை நீக்கினால் 338 ரூபாய், அதில் 70 சதவீதம் ஏறக்குறைய 237 ரூபாய். இதே முறையில் 159 ரூபாய்க்கு 94 ரூபாயும், 59 ரூபாய்க்கு 35 ரூபாயும் கையில் நிற்கும்.

இனி கீரைமாடி அவர்களிடம் இரண்டு கேள்விகள். 399 ரூபாய் நிலையில் இருக்கும் ஒருவர் சராசரியாக மாதத்துக்கு எத்தனை முறை கேட்கிறார், ஒரு கேள்விக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது? ஒரு விதைப் பொட்டலத்துக்கு விதை, உறை, அஞ்சல் எல்லாம் சேர்த்து என்ன செலவு? இவை தெரிந்தால்தான் உங்கள் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க முடியும்.

கீரைமாடி

ஒருவர் சராசரியாக மாதத்துக்கு நான்கு முறை கேட்கிறார். படத்தைப் பார்த்து, தொட்டியின் அளவு, நீர் ஊற்றும் முறை, வெயில் படும் நேரம் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டுப் பதில் எழுத ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் ஆகிறது. விதைப் பொட்டலத்துக்குச் சுமார் 25 ரூபாய் செலவு. பொட்டலம் கட்டி முகவரி எழுத ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

புதுவரவு தேனி

வணக்கம் ஐயா. நானும் ஆடு வளர்ப்புச் சேனல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். 600 சப்ஸ்கிரைபர்கள் இருக்கிறார்கள். எனக்கு உறுப்பினர் பொத்தான் வரவில்லை. அதை எப்படி வரவழைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

படித்துறை

புதுவரவு, 500 சப்ஸ்கிரைபர்களோடு, கடந்த 90 நாள்களில் மூன்று பொது வீடியோக்களும், ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வையோ 90 நாள்களில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வைகளோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். சேனல் குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்டிருந்தால் கிடைக்காது. இதற்குமேல் ஐயம் இருந்தால் தனி இழை தொடங்குங்கள் தம்பி, அங்கே வந்து பதில் சொல்கிறேன்.

கீரைமாடி, உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகிறது. 22 பேர், ஆளுக்கு நான்கு கேள்வி, கேள்விக்குக் கால் மணி நேரம். மாதத்துக்கு 22 மணி நேரம் அங்கே போகிறது. அந்த நிலையிலிருந்து வரும் தொகை சுமார் 5,200 ரூபாய். ஆனால் நீங்கள் எந்த உழைப்பும் செய்யாத 59 ரூபாய் நிலை மாதத்துக்கு 6,300 ரூபாய் தருகிறது. அதாவது உங்களைக் களைப்படையச் செய்யும் நிலைதான் மூன்றிலும் குறைவாக ஈட்டுகிறது. விதைக்கு 82 பொட்டலங்கள், ஐந்தரை மணி நேரம், 2,050 ரூபாய் செலவு. 159 ரூபாய் நிலையில் ஒருவரிடமிருந்து வரும் 94 ரூபாயில் 25 ரூபாய் விதைக்கே போய்விடுகிறது.

இதைவிட முக்கியமானது, ஆள் கூடும்போது என்ன ஆகும் என்பது. 59 ரூபாய் நிலையில் 180 பேர் 360 பேரானாலும் உங்கள் வேலை ஒரு நிமிடம்கூட அதிகரிக்காது. 399 ரூபாய் நிலையில் 22 பேர் 44 பேரானால் வேலை 44 மணி நேரமாகும். அப்போது சேனல் வளர்வதையே நீங்கள் அஞ்சத் தொடங்குவீர்கள். ஆகவே ஒரு சலுகையை அறிவிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதன் உழைப்பு உறுப்பினர் எண்ணிக்கையோடு பெருகுமா அல்லது ஒருமுறை செய்தால் எல்லோருக்கும் போய்ச் சேருமா என்பதுதான். வேகநடை சொன்னபடி விலையை 799 ரூபாயாக உயர்த்தினால் கூட்டம் குறையலாம். ஆனால் சேர்பவர்களின் எதிர்பார்ப்பு இரட்டிப்பாகும், நான்கு கேள்வி எட்டாகும். பேட்ரியானில் ஒரு நிலைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்க வழி உண்டு. யூடியூபில் அப்படியொரு வசதியை நான் கண்டதில்லை என்பதால் கதவைச் சாத்தவும் முடியாது.

வேகநடை

ஜி.எஸ்.டி. கணக்கையும் குலுக்கல் விதியையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எந்த உழைப்பும் இல்லாத சலுகைக்கு மக்கள் ஏன் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும்? பேட்ஜுக்காகவும் இமோஜிக்காகவும் ஒருவர் ஓராண்டு தொடர்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லா வீடியோக்களையும் ஒரு நாள் முன்னதாக உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாமே? அதற்கும் கூடுதல் உழைப்பு இல்லை.

பினாங்குத் தோட்டம்

பணம் கட்டுகிறவனின் பக்கத்திலிருந்து பேச அனுமதியுங்கள். நான் மலேசியாவிலிருந்து மூன்று தமிழ்ச் சேனல்களுக்கு உறுப்பினராக இருக்கிறேன். ஒரு நாள் முன்னதாக வீடியோ பார்ப்பது எனக்கு எந்தப் பயனும் தரவில்லை. செடி வளர்ப்பில் அவசரம் இல்லை. விதைப் பொட்டலமோ எனக்குக் கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் நாடு விட்டு நாடு விதை அனுப்பத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சலுகையை அறிவிக்கும் ஒவ்வொரு சேனலும் எங்களைப் போன்றவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. இங்கே ஆண்டு முழுவதும் மழை பெய்வதால் ஆடிப் பட்டம், தைப் பட்டம் என்ற கணக்கும் எனக்கு அப்படியே பொருந்தாது.

நான் தொடர்வதற்குக் காரணம் இரண்டு. பேட்ஜ் மாதங்களோடு நிறம் மாறிக்கொண்டே வரும். நேரலையில் என் பெயரைப் பார்த்ததும் நடத்துகிறவர் என்னை அடையாளம் கண்டுகொள்வார். அது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. இரண்டாவது, எனக்கு ஒரு சிக்கல் வரும்போது தேடி எடுக்கக்கூடிய வகையில் பழைய நேரலைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சேனலிலிருந்து நான் விலகியதற்குக் காரணம் சலுகை குறைவாக இருந்தது அல்ல. வாரம் மூன்று உறுப்பினர் வீடியோ வந்தது, ஒன்றையும் பார்க்க முடியவில்லை. பார்க்காத ஒன்றுக்குப் பணம் கட்டுகிறோமே என்ற உறுத்தல்தான் என்னை வெளியேற்றியது.

தாளவட்டம்

நான் கர்நாடக வாய்ப்பாட்டு கற்பிக்கும் சேனல் நடத்துகிறேன். எனக்கும் இதே நிலை இருந்தது. உறுப்பினர்கள் தாங்கள் பாடிய பதிவை அனுப்புவார்கள். நான் ஒவ்வொன்றையும் கேட்டு, சுருதி எங்கே விலகுகிறது, கமகம் எங்கே கரைகிறது என்று சொல்ல வேண்டும். இசையில் தனித் திருத்தம் என்பதே கல்வி. அதை எடுத்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. ஆகவே அதை உறுப்பினர் திட்டத்திலிருந்து முற்றிலும் வெளியே எடுத்து, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து, இத்தனை மாணவர்கள்தான் என்ற எல்லையோடு தனி வகுப்பாக நடத்துகிறேன். உறுப்பினர்களுக்கு மாதம் ஒரு நேரலை மட்டும். ஒரு வர்ணத்தை எடுத்துக்கொண்டு, பலரிடம் பொதுவாகக் காணப்படும் பிழைகளைப் பாடிக் காட்டித் திருத்துகிறேன். மற்றவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்பது தமக்கு உதவுகிறது என்று பலர் சொன்னார்கள். ஆனால் தம் குரலைப் பொதுவில் ஒலிக்கவிடச் சிலர் கூச்சப்படுவதால், எல்லோருக்கும் இது ஈடாகிவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

படித்துறை

தாளவட்டம் அம்மா சொன்னது மிகச் சரியான பிரிப்பு. ஆளுக்கு ஆள் செலவாகும் நேரத்தை நேரத்துக்கான விலையில் தனியாக விற்க வேண்டும். மாதச் சந்தாவுக்குள் வைத்தால் அதன் விலை எப்போதும் குறைவாகவே நிற்கும்.

ஆனால் மாடித்தோட்டம் இசையிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகிறது. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வரும். கீரைமாடி, கடந்த மூன்று மாத வாட்ஸ்அப் கேள்விகளை வகை பிரித்துப் பார்க்க முடியுமா?

கீரைமாடி

பிரித்துப் பார்த்தேன். நீங்கள் ஊகித்தது உண்மை. பெரும்பாலானவை நான்கு வகைக்குள் அடங்குகின்றன: மிளகாயில் இலைச் சுருட்டல், செம்பருத்தியிலும் கத்தரியிலும் மாவுப்பூச்சி, பூ உதிர்தல், அதிக நீரால் இலை மஞ்சளாதல். இலைச் சுருட்டலுக்கு மட்டும் எத்தனை முறை ஒரே பதிலை எழுதியிருக்கிறேன் என்று பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது: இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன், அதற்கேற்ப மருந்து மாறும். தக்காளியில் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்றால் செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். உண்மையிலேயே தனியாகப் பார்க்க வேண்டிய கேள்விகள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

படித்துறை

அப்படியானால் இப்படி அமைத்துப் பாருங்கள்.

59 ரூபாய் நிலையில் பேட்ஜும் இமோஜிகளும் இருக்கட்டும். கூடவே மாதத் தொடக்கத்தில் உறுப்பினர்களுக்கு மட்டுமான ஒரு பதிவில் அந்த மாதம் எதை விதைக்கலாம், எதை நாற்று மாற்றலாம், எந்தப் பூச்சி வரும் காலம் என்பதை எழுதுங்கள். பட்டங்கள் ஆண்டுதோறும் அதே மாதங்களில் வருவதால் முதல் ஆண்டு பன்னிரண்டு பதிவு எழுதினால் பிறகு சிறு திருத்தம்தான் தேவைப்படும். பினாங்கு நண்பருக்காகப் பட்டம் பொருந்தாத ஊர்களுக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

159 ரூபாய் நிலைக்கு விதையை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு நோய்-பூச்சி நேரலை வையுங்கள். இதுதான் திட்டத்தின் நடுத்தூண். ஒரு கூகுள் படிவத்தில் செடியின் பெயர், தொட்டியின் அளவு, நீர் ஊற்றும் முறை, வெயில், இலையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் தெரியும் படங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். நீங்கள் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளைப் படிவமே கேட்டுவிடும். கால் மணி நேரத்தில் பாதி அங்கேதான் போயிருக்கும். நேரலைக்கு மூன்று நாள் முன்னதாகப் படிவத்தை மூடிவிட்டு, வந்தவற்றைச் சிக்கல்வாரியாக அடுக்கி, ஒவ்வொரு வகையிலிருந்தும் தெளிவான இரண்டு படங்களைக் காட்டிப் பேசுங்கள். பதிவு உறுப்பினர் வீடியோவாக நிற்கட்டும். கீழே நேரக்குறிப்புகளோடு "மிளகாய் – இலைச் சுருட்டல்", "கத்தரி – மாவுப்பூச்சி" என்று எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் அது தேடி எடுக்கக்கூடிய ஒரு களஞ்சியமாகிவிடும். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே அத்தனையும் கிடைக்கும். உங்களுக்கோ அதற்குக் கூடுதல் வேலை இல்லை.

நேரலை இரண்டு மணி, வரிசைப்படுத்த இரண்டு மணி, நேரக்குறிப்புக்கு அரை மணி என்று வைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கும். ஆள் கூடினால் வரிசைப்படுத்தும் வேலை கூடத்தான் செய்யும். ஆனால் இருபது இலைச் சுருட்டல் படங்கள் வந்தாலும் விளக்கம் ஒன்றுதான்.

விதை விஷயத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். உறுப்பினரின் மாதம் அவர் சேர்ந்த தேதியிலிருந்து தொடங்குகிறது. ஒருவர் சேர்ந்து, விதையைப் பெற்று, அடுத்த கட்டணத்துக்கு முன் விலகிவிடலாம். ஸ்டூடியோவில் உறுப்பினர் பட்டியலைப் பதிவிறக்கி, 159 ரூபாய் நிலையில் இருப்பவர்கள் எத்தனை மாதம் நிலைத்திருக்கிறார்கள் என்று 59 ரூபாய் நிலையோடு ஒப்பிடுங்கள். அங்கே ஒன்றிரண்டு மாதக்காரர்களே மிகுந்திருந்தால், அவர்கள் விதை வாங்க வந்தவர்கள். உறுப்பினர் குறைவதை எல்லாம் அதிருப்தி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி தானியங்கிக் கட்டணத்துக்கு வாடிக்கையாளரின் முன் ஒப்புதலும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பும் தேவை. அட்டை மாறியோ ஒப்புதல் நின்றுபோயோ வெளியேறியவர்கள் பலருக்குத் தாம் உறுப்பினராக இல்லை என்பதே தெரியாது. மாதம் ஒருமுறை நேரலையில் அன்பாக நினைவூட்டினால் அவர்களில் சிலர் திரும்புவார்கள்.

வேகநடை

நேரலை யோசனை நன்றாக இருக்கிறது. நோய் விளக்க வீடியோக்கள் அத்தனையையும் உறுப்பினர்களுக்கு மட்டும் ஆக்கிவிட்டால் இன்னும் பலர் சேர்வார்கள் அல்லவா?

படித்துறை

அதைச் செய்ய வேண்டாம். புதிய உறுப்பினர் எவரும் பொது வீடியோ வழியாகத்தான் வருகிறார். "மிளகாய் இலை ஏன் சுருள்கிறது" என்று தேடுகிறவர் உங்கள் சேனலைக் கண்டுபிடிப்பது அந்தப் பொது வீடியோவால்தான். நோய் என்ன, அடிப்படை மருந்து என்ன என்பது பொதுவில் இருக்கட்டும். தம் செடியின் படம் வைத்துப் பேசப்படுவது உறுப்பினர்களுக்கு இருக்கட்டும்.

கீரைமாடி

மிக்க நன்றி ஐயா. 159 ரூபாய் நிலை வரைக்கும் எனக்குத் தெளிவாகிவிட்டது. 399 ரூபாய் நிலையை என்ன செய்வது? அந்த 22 பேரும் தொடக்கத்திலிருந்து என்னோடு இருப்பவர்கள். ஆலோசனை கிடைக்கும் என்று நம்பிச் சேர்ந்தவர்களிடம் திடீரென்று இல்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

தாளவட்டம்

திடீரென்று சொல்ல வேண்டாம். இரண்டு மாதம் முன்னதாக, அவர்களுக்கு மட்டும் ஒரு பதிவில், எதனால் மாற்றுகிறேன், எந்தத் தேதி வரை பழைய முறை தொடரும் என்று எழுதுங்கள். நான் அறிவித்தபோது சிலர் விலகினார்கள்; பலர் கீழ்நிலைக்கு மாறிக்கொண்டு இன்னும் இருக்கிறார்கள். என் கருத்தில் அந்த நிலையை முழுவதும் எடுத்துவிடுவதே நல்லது. தனிப் பார்வை வேண்டுவோருக்கு அரை மணி நேரக் காணொளி அழைப்பைத் தனிக் கட்டணத்தில் கொடுங்கள்.

பினாங்குத் தோட்டம்

இதில் நான் அக்காவுடன் மாறுபடுகிறேன். மேல்நிலையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் எதையும் பெறுவதற்காக அங்கே இல்லை. சேனல் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே கூடுதலாகக் கொடுக்கிறார்கள். கீரைமாடி அண்ணனின் 22 பேரில் ஒருமுறைகூடக் கேள்வி கேட்காதவர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்கு வீடியோ முடிவில் பெயர் வந்தாலே போதும். நிலையை எடுத்துவிட்டால் அவர்களுக்குக் கொடுக்க வழி இல்லாமல் போகும்.

கீரைமாடி

இப்போதுதான் பட்டியலைப் பார்த்தேன். ஆறு பேர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவர்கள் எதற்காகத் தொடர்கிறார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. மறுபுறம் ஐந்து பேர் மட்டும் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளை அனுப்புகிறார்கள்.

படித்துறை

அப்படியானால் உங்கள் சராசரி நான்கு என்பது உண்மையில் இரு வேறு கூட்டங்களின் கலவை. அந்த ஐந்து பேருக்குத் தாளவட்டம் அம்மா சொன்ன தனி அழைப்புப் பொருந்தும். அந்த ஆறு பேருக்குப் பினாங்கு நண்பர் சொன்னது பொருந்தும். நடுவில் இருக்கும் பதினொரு பேர் நேரலையால் நிறைவடைவார்களா என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். 399 ரூபாய் நிலையை ஆதரவாளர் நிலை என்று பெயர் மாற்றி, பெயர்க் குறிப்பும் அடுத்து எந்தப் பயிரைப் பற்றி வீடியோ வேண்டும் என்ற வாக்கெடுப்பும் மட்டும் வைத்தால் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதை என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில சேனல்களில் நின்றிருக்கிறார்கள், சிலவற்றில் இரண்டே மாதத்தில் காலியாகியிருக்கிறது.

கீரைமாடி

இந்த ஆடிப் பட்டம் முடியும் வரை 82 பேருக்கும் விதை அனுப்பிவிட்டு நிறுத்துகிறேன். அதுவரை சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். படிவத்தை இன்றே தயாரித்து, 399 ரூபாய் உறுப்பினர்களிடம் முதலில் கொடுத்துச் சோதிக்கிறேன். பதினொரு பேரிடமும் தனித்தனியாகப் பேசப் போகிறேன். ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது: வாட்ஸ்அப் குழுவை மூடிவிடுவதா, அல்லது நான் பதில் சொல்லாமல் உறுப்பினர்கள் தமக்குள் பேசிக்கொள்ளத் திறந்து வைப்பதா?

தாளவட்டம்

மூடிவிடுங்கள் தம்பி. நீங்கள் உள்ளே இருக்கும் வரை உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பார்கள்.

பினாங்குத் தோட்டம்

மூட வேண்டாம் அண்ணா. எங்கள் ஊர்க் குழுவில் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் பாதிச் சிக்கல் தீர்கிறது. யாராவது மூத்த உறுப்பினர் ஒருவரைப் பொறுப்பாளராக்கிவிட்டு நீங்கள் வெளியேறிப் பாருங்கள்.